விழும் பங்கில் ஆவரேஜ் செய்வதா, போட்ட திட்டத்தில் நிற்பதா? – கேள்வி பதில்

மார்த்தாண்டம் வாசகர்: 200 ரூபாய்க்கு 100 பங்குகள் வாங்கினேன். பிறகு 160-ல் 100, 120-ல் 200 என்று சேர்த்ததில் சராசரி 150-க்கு இறங்கிவிட்டது. சராசரி குறைந்தால் ரிஸ்க்கும் குறைந்ததாகத்தானே பொருள், அண்ணா?

பதில்: பாதி சரி. முதல் 100 பங்குகளோடு நின்றிருந்தால், 120-லிருந்து 200-ஐத் தொட விலை ஏறக்குறைய 67 சதவீதம் ஏற வேண்டும். இப்போது 25 சதவீதம் ஏறினாலே அசல் வந்துவிடும். ஆனால் முன்பு விலை ஒரு ரூபாய் இறங்கினால் உங்களுக்கு 100 ரூபாய் நஷ்டம். இன்று அதே ஒரு ரூபாய்க்கு 400 ரூபாய் நஷ்டம். பங்கு 60-க்கு இறங்கினால், சேர்க்காமல் இருந்தவருக்கு 14,000 போகும், உங்களுக்கு 36,000 போகும்.

மொபைல் செயலியைத் திறந்து பாருங்கள். சேர்ப்பதற்கு முன் 120 விலையில் மைனஸ் 40 சதவீதம் என்று காட்டியிருக்கும். இப்போது மைனஸ் 20 என்று காட்டும். மனம் ஆறுவது அந்த எண்ணைப் பார்த்துத்தான். ரூபாய்க் கணக்கிலோ 8,000 ஆக இருந்திருக்க வேண்டிய நஷ்டம் 12,000 ஆகியிருக்கிறது.

தக்கலை வாசகர்: முன்கூட்டியே திட்டமிட்டு மூன்று தவணையாக வாங்கினாலும் இதே கணக்குத்தானே வரும்? பிறகு திட்டம் என்று தனியாக எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. ஐந்து லட்சம் முதலீடு வைத்திருக்கும் ஒருவர், "இந்தப் பங்கில் மொத்தம் 60,000, 200, 160, 120 ஆகிய விலைகளில் 20,000 வீதம், அதற்கு மேல் ஒரு பைசாவும் இல்லை" என்று முதல் நாளே எழுதி வைத்தால், அவருடைய சராசரி 153 ரூபாய் அளவில் வரும். மார்த்தாண்டம் நண்பரின் 150-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

வித்தியாசம் 120-க்குக் கீழேதான் தெரியும். எழுதி வைத்தவர் அங்கே நின்றுவிடுவார். அந்த நிறுவனமே மூழ்கினாலும் அவருடைய ஐந்து லட்சத்தில் 12 சதவீதம்தான் போகும். எழுதாதவர் 80 ரூபாயில் மறுபடி சராசரியைப் பார்ப்பார். இனி கொஞ்சமாக வாங்கினால் சராசரி அசையாது என்பதால், இருப்புக்குச் சமமாக 400 வாங்குவார். 50 ரூபாயில் அதே காரணத்துக்காக 800 வாங்குவார். மொத்தம் 1,32,000 ரூபாய் உள்ளே போயிருக்கும், அதாவது 20,000-ல் தொடங்கிய அவரிடமும் மொத்தம் ஐந்து லட்சம் இருந்ததென்றால், அதில் கால்வாசிக்கு மேல் ஒரே பங்கில் அடைபட்டிருக்கும்.

இந்த முறை பெரும்பாலான நேரம் பலிக்கிறது, அதுதான் இதிலுள்ள ஆபத்து. பல பங்குகள் சிறிது இறங்கி மீண்டுவிடுவதால், சின்னச் சின்ன லாபங்கள் தொடர்ந்து வரும். ஆனால் எது அதிகம் விழுகிறதோ அதில்தான் அதிகப் பணம் போய்ச் சேரும் என்பது இதன் அமைப்பு. ஆகவே மீளாத பங்கு ஒன்று வரும்போது, கையிருப்பிலேயே பெரிய தொகை அதில்தான் இருக்கும்.

நாகர்கோவில் வாசகர்: சின்ன கம்பெனிக்கு இதெல்லாம் சரி. பெரிய வங்கி, ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இருப்பது, எப்படியும் ஏறாமல் போகுமா?

பதில்: 2018 ஆகஸ்டில் யெஸ் பேங்க் பங்கு 400 ரூபாயை ஒட்டி இருந்தது, 50 பெரிய நிறுவனங்களின் இண்டெக்ஸான நிஃப்டி 50-ல் இடம்பெற்ற பங்கு. 300, 200, 100 என்று ஒவ்வொரு படியிலும் "இதற்கு மேல் எங்கே இறங்கும்" என்று சேர்த்தவர்கள் உண்டு. 2020 மார்ச் 5-ம் தேதி அந்த வங்கியின்மீது கட்டுப்பாடு விதிக்கப்பட்டது; வாடிக்கையாளர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. ஸ்டேட் வங்கி முன்னின்று காப்பாற்றியதால் வைப்புத்தொகைகள் தப்பின. வங்கி மீண்டது வேறு, பழைய விலை மீள்வது வேறு. மேலும், 100 பங்குகளோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்கள் தங்கள் இருப்பில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுகள் விற்க முடியாதபடி பூட்டப்பட்டது. 100-க்குக் குறைவான பங்குகளோடு நின்றவர் அந்தப் பூட்டில் சிக்கவில்லை, சேர்த்துக்கொண்டே போனவர்தான் சிக்கினார்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, குழித்துறை: நான் மாதந்தோறும் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி கட்டுகிறேன். விலை இறங்கும்போதும் வாங்குகிறேன். அப்படியானால் நானும் தவறு செய்கிறேனா?

பதில்: இல்லை, டீச்சர். உங்கள் தவணைத் தொகை விலையைப் பார்த்து மாறுவதில்லை. சந்தை பாதியானாலும் இரட்டிப்பாகக் கட்டச் சொல்லி யாரும் உங்களைத் தூண்டுவதில்லை. இன்னொன்று, இண்டெக்ஸ் தன்னிலுள்ள நோயாளியை வெளியேற்றிவிடும். அதே 2020 மார்ச்சில் நிஃப்டி 50-லிருந்து யெஸ் பேங்க் நீக்கப்பட்டு ஸ்ரீ சிமெண்ட் சேர்க்கப்பட்டது. தனிப் பங்கு வைத்திருப்பவருக்கு அந்த வேலையை வேறு யாரும் செய்து தரமாட்டார்கள்.

குலசேகரம் வாசகர்: ரப்பர் ஷீட் விலை இறங்கினால் நாங்கள் விற்காமல் புகைப்புரையில் அடுக்கி வைப்போம், விலை வந்ததும் விற்போம். பங்குக்கும் அதே பொறுமை போதாதா?

பதில்: பொறுமை வேறு, சேர்ப்பது வேறு. விலை இறங்கியதும் பக்கத்துத் தோட்டத்து ஷீட்டையும் கடன் வாங்கி வாங்கிப் போட்டீர்களா என்பதே இங்கே கேள்வி. தவிர, டயர் ஓடும் வரை ஷீட்டுக்கு ஏதோ ஒரு விலை இருக்கும். கடனில் மூழ்கிய நிறுவனத்தின் பங்குக்கு அந்த உறுதியும் இல்லை.

நாகர்கோவில், இன்னொரு வாசகர்: திட்டம் திட்டம் என்கிறீர்கள். 15 சதவீதம் இறங்கினால் வெளியேறுவது என்று ஸ்டாப் லாஸ் போட்டேன். விற்ற மறுவாரமே ஏறிவிடுகிறது. பலமுறை இப்படித்தான். ஆவரேஜ் செய்தவர்கள் என்னைவிட நன்றாக இருக்கிறார்கள்.

பதில்: உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஸ்டாப் லாஸ் இலவசமன்று. பல சிறு நஷ்டங்களைக் கொடுத்து ஒரு பெரிய நஷ்டத்தைத் தவிர்க்கிறோம், அவ்வளவே. அதுவும் எப்போதும் காப்பாற்றாது. 2018 செப்டம்பர் 21-ல், தலைமை நிர்வாகியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கியதும் யெஸ் பேங்க் ஒரே நாளில் ஏறக்குறைய 30 சதவீதம் விழுந்தது. அப்படி நடுவிலுள்ள விலைகளைத் தாண்டி ஒரேயடியாக விழும் நாளில், நீங்கள் குறித்த விலையில் விற்பனை நடக்காது.

எனவே நீண்ட கால முதலீட்டாளருக்கு விலையை வைத்து ஸ்டாப் லாஸ் தேவையா என்பதில் எனக்கே முழுத் தெளிவில்லை. நான் இரண்டை மட்டும் எழுதி வைக்கிறேன்: ஒரு பங்கில் அதிகபட்சத் தொகை, எந்தச் செய்தி வந்தால் வெளியேறுவது என்பது. காலாண்டுப் பங்குதாரர் விவரத்தில் நிறுவனத்தை நடத்தும் புரமோட்டர் அடமானம் வைத்த பங்குகளின் அளவு ஏறுவது, ஆடிட்டர் பதவிக்காலத்தின் நடுவில் விலகுவது, லாபம் காட்டியும் கையில் பணம் வராதது ஆகியவை என் பட்டியலில் இருக்கின்றன. இவற்றில் ஒன்று வந்துவிட்டால், மீதித் தவணை கையிலிருந்தாலும் வாங்குவதில்லை.

குளச்சல் வாசகர்: என் பங்கு 45 சதவீதம் இறங்கியிருக்கிறது. வீட்டு நகையை அடகு வைத்து ஒருமுறை சேர்த்துவிட்டு, அசல் வந்ததும் கூடுதலாக வாங்கியதை மட்டும் விற்றுவிடலாமா?

பதில்: பங்கு எது என்று நீங்கள் சொல்லவில்லை, நான் ஆலோசகரும் அல்லன். ஆனால் நகைக்கடன் வேண்டாம்; பங்கு மீள எத்தனை வருடமானாலும் வட்டி நிற்காது. "கூடுதலாக வாங்கியதை மட்டும்" விற்பதும் நீங்கள் நினைப்பதுபோல் நடக்காது. ஒரே டீமேட் கணக்கில் முதலில் வாங்கியதே முதலில் விற்றதாக வரிக்கணக்கில் கொள்ளப்படும். ஆகவே பழைய, அதிக விலைப் பங்குகள் வெளியேறி நஷ்டம் பதிவாகும். மலிவாக வாங்கியவை கையில் நிற்கும். அந்த நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம். அதற்கு வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.