மூலத் தரவை அழிக்கலாமா?

“சர்வரில் இடமில்லை. 5 வருட மாத அறிக்கைகள் இருக்கின்றன, அவற்றின் CSV மூலத் தரவை அழித்துவிடலாமா?”

இப்போதைக்கு வேண்டாம். அறிக்கையிலிருந்து மூலத் தரவைத் திரும்பப் பெற முடியாது. இடத்தை அடைப்பது பெரும்பாலும் நடுவில் உருவாகும் கோப்புகள்தான்: சுத்தம் செய்த பிரதி, இணைத்த பிரதி, final_2 வகையறா. முதலில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
du -sh * | sort -h
```

கடைசியில் வருபவை அந்த இடைநிலைக் கோப்புகள் என்றால், அழிக்கும் முன் ஒரு சோதனை. மிகப் பழைய மாதம் ஒன்றை எடுத்து, மூலத் தரவிலிருந்து அறிக்கையை மறுபடி உருவாக்கி, மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் நடுவில் உள்ளவற்றைத் தயங்காமல் அழிக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் இடையில் யாரோ கணக்கீட்டையோ தரவையோ மாற்றியிருக்கக்கூடும், அந்த மாதத்தைத் தொடாதீர்கள். அப்புறம் பழைய CSV-களை gzip செய்யுங்கள், நன்றாகவே சுருங்கும்.

எந்தக் கோப்பு எவ்வளவு பழையது என்பதை அதன் பெயரில் உள்ள மாதத்தை வைத்துக் கணக்கிடுங்கள். வேறு சர்வரிலிருந்து நகலெடுத்திருந்தால் mtime நகலெடுத்த நாளைக் காட்டக்கூடும். நான் அதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

வெளியே அனுப்பிய அறிக்கை மட்டும் விதிவிலக்கு. மறுபடி உருவாக்க முடிந்தாலும் அனுப்பிய அதே கோப்பை வைத்திருங்கள். மூலத் தரவில் தனிநபர் விவரம் இருந்தால், அதற்குரிய காலக்கெடு முடிந்ததும் அழித்தே ஆக வேண்டும்.