உயரமும் ஆயுளும்: மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு 45 வயது. உயரம் 158 செ.மீ. குள்ளமான ஆண்களுக்கு ஆயுள் அதிகம் என்று ஒரு கட்டுரையிலும், உயரமானவர்களுக்குத்தான் அதிகம் என்று இன்னொன்றிலும் படித்தேன். எதை நம்புவது டாக்டர்?

பதில்: இரண்டுமே உண்மையான ஆய்வுகளிலிருந்து வந்திருக்கக்கூடும். 2012-இல் வெளியான ஒரு கூட்டாய்வு, பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை 121 ஆய்வுகளிலிருந்து ஒன்றுதிரட்டியது. உயரம் 6.5 செ.மீ. கூடும்போது இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் வாய்ப்பு சுமார் 6 சதவீதம் குறைந்திருந்தது. புற்றுநோயால் இறக்கும் வாய்ப்போ சுமார் 4 சதவீதம் கூடியிருந்தது. எல்லாக் காரணங்களையும் சேர்த்தபோது மிஞ்சியது 3 சதவீதக் குறைவு மட்டுமே. அதாவது, ஒரே வயதுள்ள 1000 பேரில் குறிப்பிட்ட காலத்துக்குள் 100 பேர் இறப்பதாக வைத்துக்கொண்டால், அவர்களைவிட 6.5 செ.மீ. உயரமான, மற்ற எல்லா வகையிலும் ஒத்த 1000 பேரில் 97 பேர் இறப்பார்கள். இத்தனை சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க லட்சக்கணக்கானோர் தேவை. தனியொருவரின் ஆயுளைக் கணிக்க அது உதவாது.

ஹவாய் தீவுகளில் வாழ்ந்த, ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த சுமார் 8000 ஆண்களை ஆராய்ந்தவர்கள் குள்ளமானவர்களே அதிக காலம் வாழ்ந்ததாகக் கண்டார்கள். உங்கள் உயரத்துக்கு அது இனிப்பான செய்திதான். ஆனால் ஒரே வம்சாவளியினரிடம், அதுவும் ஆண்களிடம் மட்டும் கண்டதை எல்லோருக்கும் பொருத்த முடியாது.

பெரிய ஆய்வுகளுக்கும் ஒரு தீராத சிக்கல் உண்டு. ஒருவரின் உயரத்தை மரபணுக்களோடு, குழந்தைப் பருவத்தின் ஊட்டச்சத்தும் அடிக்கடி வந்த தொற்றுநோய்களும் குடும்ப வறுமையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அதே வறுமை பிற்காலத்தில் இதயத்தையும் பாதிக்கலாம். புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்து கணக்கில் கொள்ளலாம். 40 ஆண்டுகளுக்கு முந்தைய குழந்தைப் பருவத்தை அவ்வளவு துல்லியமாக அளக்க முடியாது. இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் 2015-இல் ஓர் ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய 180 மரபணு வேறுபாடுகளைப் பயன்படுத்தியது. கருவிலேயே அமைந்துவிடும் மரபணுக்களைப் பிற்கால வறுமை மாற்றாது அல்லவா? மரபணு வழியாக 6.5 செ.மீ. குறையும்போது இதயத் தமனி நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய 13.5 சதவீதம் கூடுவதாக அது காட்டியது. ஆகவே இதய நோய்த் தொடர்பை வறுமையின் நிழல் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் அதில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர்; அதே மரபணுக்கள் உயரத்தின் வழியாக அல்லாமல், கொழுப்புச்சத்தை நேரடியாக மாற்றியும் இதயத்தைப் பாதித்திருக்கலாம்.

முதியவர்களை அளக்கும் ஆய்வுகளில் இன்னொரு பிழை நுழைகிறது. எலும்புத் தேய்மானத்தால் முதுகெலும்பு அமுங்கி உயரம் குறைந்தவர், பிறவியிலேயே குள்ளமானவராக எண்ணப்பட்டுவிடுகிறார். அவருடைய நோயின் விளைவு குள்ளத்தின் கணக்கில் ஏறுகிறது. உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியதும் இதுதான்: இளவயதில் அளந்த உயரத்தைவிட 4 செ.மீ. அல்லது அதற்கும் மேல் இப்போது குறைந்திருந்தால், முதுகெலும்பையும் எலும்பின் அடர்த்தியையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.