பில்லில் கூட அறவிட்ட காசு: மன்னிப்புக் கடிதத்தில் எதை எழுதுவது?

கேள்வி: கொக்குவில், கோண்டாவில் பக்கம் 212 வீடுகளுக்கு 19 லீற்றர் குடிநீர்ப் போத்தல் விநியோகிக்கிறோம். போத்தல் 300 ரூபாய். மார்ச் 1 முதல் 350 என்று முன்பே அறிவித்திருந்தோம். பெப்ரவரி பில்லைப் போடும்போது தவறுதலாகப் புதிய விலையே விழுந்துவிட்டது. 140 வீட்டார் காசு கட்டியும் விட்டார்கள். கடையில் ஓர் அறிவித்தல் ஒட்டினால் போதும் என்கிறார் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. கடிதம் எழுதினால் என்ன எழுதுவது, நட்டஈடாக எவ்வளவு கொடுப்பது?

பதில்: தம்பியின் யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் வாடிக்கையாளர் கடைக்கு வருவதில்லை, போத்தல்தான் அவர்கள் வாசலுக்குப் போகிறது. கடிதமும் அதே வாகனத்தில் போகட்டும்.

எழுத உட்காரும் முன் ஒரு கணக்கைச் சரிபாருங்கள். பெப்ரவரியில் கொடுத்த போத்தல்களின் மொத்த எண்ணிக்கையை 50ஆல் பெருக்குங்கள். 1,512 போத்தல் போயிருந்தால் 75,600 ரூபாய் வரவேண்டும். பிறகு 212 வீட்டுக்கும் தனித்தனியாக வித்தியாசத்தைப் போட்டுக் கூட்டுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ ஒரு வீட்டில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. பெரும்பாலும் யாரோ ஒருவர் அன்றே சத்தம் போட்டு, சாரதியும் பழைய விலைக்கே காசு வாங்கிக்கொண்டு வந்திருப்பார். அதைக் கண்டுபிடிக்காமல் கடிதம் அனுப்பினால் மன்னிப்புக் கடிதத்துக்கே இன்னொரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டிவரும்.

இனிக் கடிதம். எட்டுப் போத்தல் எடுத்து, காசும் கட்டிவிட்ட ஒரு வீட்டுக்கு நான் இப்படி எழுதுவேன்:

“பெப்ரவரி மாத பில்லில் உங்களிடம் 400 ரூபாய் கூடுதலாக அறவிட்டுவிட்டோம். தவறு எங்களுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பெப்ரவரி 1 முதல் 28 வரை நீங்கள் எடுத்தது 8 போத்தல். ஒன்று 300 ரூபாய்ப்படி 2,400 ரூபாய் வந்திருக்க வேண்டும். மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வரும் 350 ரூபாய் விலையை நாங்கள் முன்கூட்டியே கணினியில் மாற்றியதால் 2,800 ரூபாய் என்று பில் வந்தது. உங்கள் வீட்டுப் போத்தல் அட்டையில் உள்ள எண்ணிக்கையை 50ஆல் பெருக்கிப் பார்த்தால் மேலதிகத் தொகை தெரியும்.

இந்த 400 ரூபாயை மார்ச் 15க்கு முன் எங்கள் சாரதி உங்கள் வாசலில் காசாகத் தருவார். நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. அடுத்த பில்லில் கழிப்பதுதான் வசதி என்றால் அவரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்காக, இதற்குப் புறம்பாக, ஒரு போத்தல் நீர் இலவசமாகத் தருகிறோம். வழமைபோல் வெற்றுப் போத்தலைக் கொடுத்தால் போதும்.”

கீழே உங்கள் பெயர், கையெழுத்து, நீங்களே எடுக்கும் தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான்.

“தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக” என்று நான் எழுதவில்லை. விலையை மாற்றியது ஒரு மனிதர், அது தவிர்த்திருக்கக் கூடியதும்கூட. “ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்” என்பதும் இல்லை. மின்தடை அறிவித்தலில் வாசித்து வாசித்து அந்த வரி தேய்ந்துவிட்டது. விலை ஏன் கூடியது என்ற விளக்கத்தையும் இதில் நுழைக்காதீர்கள். ஒரே தாளில் மன்னிப்பும் விலை உயர்வுக்கான நியாயமும் இருந்தால் இரண்டாவதுதான் மனதில் நிற்கும்.

“மாசி மாத பில்” என்று எழுதாமல் திகதி போட்டதற்கும் காரணம் இருக்கிறது. நம்மூரில் பலர் பெப்ரவரியையே மாசி என்கிறார்கள். ஆனால் பஞ்சாங்க மாசி பெப்ரவரி நடுவில்தான் பிறக்கிறது. காசுக் கணக்கில் அந்த இரண்டு கிழமைக் குழப்பம் வேண்டாம்.

மிக முக்கியமாக, கணக்காளர் தமிழை வெளியே விடாதீர்கள். நானும் கணக்காளன்தான், ஆகவே துணிந்து சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் எனக்கும் என் அயலவரான ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் இதே மாதிரித் தவறு ஒன்றைத் திருத்திக் கடிதம் அனுப்பியது. “உங்கள் கணக்கில் 640 ரூபாய் செலவு வைக்கப்பட்டுள்ளது” என்றது கடிதம். கணக்கியல் படித்தவருக்கு விளங்கும்: வாடிக்கையாளர் கணக்கில் செலவு வைத்தால் அவர் தரவேண்டியது குறைகிறது, அதற்கு எழுதும் தாளின் பெயரும் செலவுத்தாள். வாத்தியாரோ செலவு என்றால் செலவுதானே என்று 640 ரூபாயை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் கட்டப் போய்விட்டார். உங்கள் புத்தகத்தில் செலவுத்தாள் எழுதத்தான் வேண்டும். கடிதத்தில் “திருப்பித் தருகிறோம்” என்றே எழுதுங்கள்.

நட்டஈட்டுக்கு வருகிறேன். 400 ரூபாய் நட்டஈடு அல்ல, அது அவர்களுடைய காசு. இரண்டையும் ஒரே வசனத்தில் போட்டு “750 ரூபாய் பெறுமதியான சலுகை” என்று எழுதும் ஆசை வரும். எழுதினால், தன் காசையே தனக்குப் பரிசாகத் தருகிறார்கள் என்று யாராவது கண்டுபிடிப்பார். இலவசப் போத்தலுக்கு “ஐந்து வாங்கினால்” என்பது போன்ற நிபந்தனையும் வைக்காதீர்கள். அப்புறம் அது விளம்பரம்.

140 வீட்டுக்கு மட்டுமா, 212க்குமா? நான் எல்லோருக்கும் கொடுப்பேன். கட்டாத 72 வீட்டாரிடமிருந்து நீங்கள் எதையும் எடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பிழையான பில்லைப் பார்த்து அவர்களும் தலையைச் சொறிந்திருப்பார்கள், வேலிக்கு மேலால் பேசியும் இருப்பார்கள். விற்பனை விலையில் 212 போத்தல் 74,200 ரூபாய். வடிகட்டல், எரிபொருள், கூலி என்று உங்களுக்கு உண்மையில் ஆவது அதைவிடக் குறைவு. போன் எடுத்துச் சண்டை பிடித்தவருக்கு மட்டும் இரண்டு போத்தல் கொடுப்பதுதான் கூடவே கூடாது. அது அடுத்த நாளே ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கமும் மற்றவர்களுக்குத் தெரியும்.

கட்டாதவர்களுக்குக் கடிதம் இன்னும் சிறியது: “2,800 என்ற பில்லைக் கிழித்துவிடுங்கள், இத்துடன் உள்ள 2,400 ரூபாய் பில்லே சரியானது.” புதிய பில்லில் “திருத்தப்பட்டது” என்றும் பழைய பில்லின் இலக்கமும் இருக்கட்டும்.

உங்கள் பகுதியில் அம்மா போத்தல் எடுக்க, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மகன் வங்கிக்குக் காசு அனுப்பும் வீடுகள் இருக்கும். அம்மாவிடம் காசைக் கொடுத்துவிட்டு மகனுக்குச் சொல்லாமல் விட்டால், அவர் இரண்டு மாதம் கழித்து விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் போன் எடுப்பார். கடிதத்தைப் படம் எடுத்து அவருக்கும் அனுப்பி, காசை யாரிடம் கொடுப்பது என்று அவரிடமே கேளுங்கள்.

கட்டிய வீடுகளுக்கான காசைச் சாரதியிடம் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு ஒரு கடித உறை, மேலே பெயரும் தொகையும், கூடவே கையெழுத்து வாங்க ஒரு கொப்பி. 15ஆம் திகதியும் சில உறைகள் மிஞ்சும், வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனவர்கள் இருப்பார்கள். அந்தத் தொகையை அவர்களுடைய மார்ச் பில்லில் தனி வரியாகக் கழித்து, போத்தல் அட்டையிலும் பேனாவால் எழுதிவிடச் சொல்லுங்கள்.