ஆறே முக்கால் மணி நேரம் 6.45 ஆனால்: சம்பளப் பிரிவுக்குக் கடிதம், கேள்வி பதில்

நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் பத்தொன்பது வருஷம் சம்பளக் கணக்குப் போட்டிருக்கிறேன். டைம்ஷீட்டில் மணி நேரம் குறைந்துபோனவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

மார்த்தாண்டம், துணிக்கடை பில்லிங்: அக்கா, மணிக்கு 90 ரூபாய் சம்பளம். ஜூன்ல 24 நாள் வேலை. என் கணக்குப்படி 156 மணி நேரம், சம்பளச் சீட்டுல 151.2. கேட்டா சிஸ்டம் போட்ட கணக்குன்னு சொல்றாங்க. லெட்டர் எப்படி எழுத?

நீ அனுப்பிய டைம்ஷீட் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தங்கச்சி. எட்டு நாள் சரியாக 6 மணி நேரம். மீதி பதினாறு நாளும் மதியம் 2:00க்கு ஏறி இரவு 8:45க்கு இறங்கியிருக்கிறாய், அதாவது 6:45. அதை அங்கே யாரோ 6.45 என்று அடித்துவிட்டார்கள். தப்பு அந்த ஒரு புள்ளியில்தான். 45 நிமிஷம் என்பது முக்கால் மணி, அதனால் 6.75 என்று ஏற வேண்டும். .45 மணி என்றால் வெறும் 27 நிமிஷம். ஆக, நாளைக்கு 18 நிமிஷம் போச்சு. பதினாறு நாளைக்கு 288 நிமிஷம், அதுதான் 4.8 மணி நேரம். உன் 156க்கும் அவர்களுடைய 151.2க்கும் உள்ள வித்தியாசம் அப்படியே வந்துவிட்டது பார். பணமாக 432 ரூபாய்.

இந்தத் தப்பை வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே செய்திருக்கிறேன். ஒரு தொழிலாளி பேப்பரில் பெருக்கிக் காட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அவர்கள் போட்ட தினக்கணக்கை வாங்கி, புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களை மட்டும் பார். எல்லாம் .15, .30, .45 என்றே இருந்து ஒரு இடத்தில்கூட .75 வரவில்லை என்றால் இதே தப்புதான். முழுசாக ஒரு நாளோ அரை நாளோ குறைந்தால் காரணம் வேறு. பெரும்பாலும் பஞ்ச் விழாமல் போயிருக்கும்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

*பெறுநர்: சம்பளப் பிரிவு அலுவலர்*
*பொருள்: ஜூன் மாதச் சம்பளத்தில் 4.8 மணி நேரம் விடுபட்டதைத் திருத்தக் கோருதல்*

*ஐயா/அம்மா, எனது பணியாளர் எண் ___. ஜூன் மாதம் மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட டைம்ஷீட்டின்படி எனது வேலை நேரம் 156 மணி. சம்பளச் சீட்டில் 151.2 மணிக்கே சம்பளம் கணக்கிடப்பட்டுள்ளது. இணைப்பில் குறித்துள்ள 16 நாட்களில் 6 மணி 45 நிமிடம் என்பது 6.75 என வருவதற்குப் பதிலாக 6.45 எனப் பதிவாகியுள்ளது. விடுபட்ட 4.8 மணி நேரத்துக்கு, மணிக்கு 90 ரூபாய் வீதம் 432 ரூபாயை அடுத்த சம்பளத்தில் சேர்த்து வழங்கவும், திருத்திய சம்பளச் சீட்டு தரவும் கேட்டுக்கொள்கிறேன்.*

*இணைப்பு: டைம்ஷீட் நகல், சம்பளச் சீட்டு நகல், நாள்வாரிப் பட்டியல்.*

பதினாறு தேதிகளையும் தனித்தாளில் எழுது. தேதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், அவர்கள் போட்டது, வர வேண்டியது, அவ்வளவுதான். "பல நாட்களாகக் குறைத்துத் தருகிறீர்கள்" என்று எழுதினால் படிப்பவர் எதைத் திறந்து பார்ப்பார்? தேதி இருந்தால் அந்த வரியைத் திறந்தே ஆக வேண்டும். ஒரிஜினலைக் கொடுத்துவிடாதே. உன் நகலில் தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்.

குழித்துறை, ஓய்வு பெற்றவர்: லெட்டர் எதுக்கு? நேரா லேபர் ஆபீஸ்ல ஒரு மனு கொடுத்தா ரெண்டே நாள்ல காசு வந்துடும்.

அண்ணாச்சி, மனு கொடுக்க உரிமை உண்டு என்பது சரி. நாகர்கோவிலில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் இருக்கிறது. ஆனால் ரெண்டு நாளில் முடியாது. நிர்வாகத்துக்கு நோட்டீஸ் போகும், இரு தரப்பையும் கூப்பிடுவார்கள். அங்கேயும் முதல் கேள்வி, "நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தீர்களா, நகல் எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். அடித்த எண் தப்பு என்றால் சம்பளப் பிரிவிலேயே பத்து நிமிஷத்தில் சரி செய்துவிடலாம். எழுதிக் கொடுத்தும் அடுத்த மாசச் சம்பளத்தில் வரவில்லையா, அப்புறம் அந்த நகலோடு நீங்கள் சொல்லும் இடத்துக்குப் போகலாம்.

ஆரல்வாய்மொழி, காற்றாலை செக்யூரிட்டி: எனக்கும் இதே பிரச்சினைதான் மேடம். நைட் ஷிப்ட் பத்து மணிக்கு ஏறி காலையில ஆறு மணிக்கு இறங்குறேன். சில நாள் மணி நேரமே பூஜ்யம்னு வருது.

இது வேறு பிரச்சினை, தம்பி. நள்ளிரவு தாண்டியதும் தேதி மாறிவிடுகிறது. 6:00இலிருந்து 22:00ஐக் கழித்தால் கணக்கு மைனசில் போகும், சில மென்பொருள் அதைப் பூஜ்யமாக்கிவிடும். எக்செல்லில் B2இல் ஏறிய நேரமும் C2இல் இறங்கிய நேரமும் போட்டு நீயே சரிபார்க்கலாம்:

```
=MOD(C2-B2,1)*24
```

விடை வரும் கட்டத்தை எண் வடிவத்துக்கு மாற்று. 8 என்று வரும். கடிதத்தில் "இறங்கிய பஞ்ச் மறுநாள் தேதியில் உள்ளது" என்று எழுதி இரண்டு நாள் பதிவையும் இணை. நீ காண்ட்ராக்டர் மூலம் வேலை செய்தால் கடிதம் அவர் பெயருக்குப் போகட்டும், ஒரு நகல் காற்றாலை நிறுவனத்துக்கும் போகட்டும். காண்ட்ராக்டர் தராவிட்டால் அந்தக் கூலிக்கு அவர்களும் பொறுப்பு.

கருங்கல்: அம்மா அண்டி ஆபீஸ்ல முந்திரிப் பருப்பு உடைக்குறாங்க. கூலி குறையுது. இந்த லெட்டரையே கொடுக்கலாமா?

அம்மாவுக்குக் கிலோ கணக்கில் கூலி என்றால் இந்தக் கடிதம் பொருந்தாது மக்களே. அங்கே குறைவது எடையில். தினமும் எடை போட்டதும் சீட்டு தருகிறார்களா என்று முதலில் கேள். சீட்டு இல்லை என்றால், தேதியும் கிலோவும் ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வைக்கச் சொல். பக்கத்தில் உட்காருபவர்களும் எழுதினால் இன்னும் நல்லது. ஒரு மாசம் எழுதிவிட்டு வா, சேர்ந்து பார்ப்போம்.

தக்கலை, சூப்பர் மார்க்கெட்: சூப்பர்வைசரே என் நேரத்தை அடிச்சுத் திருத்தி கையெழுத்துப் போட்டா?

இதில் சம்பளப் பிரிவால் செய்யக்கூடியது குறைவு. கையெழுத்தான டைம்ஷீட்டுக்குத்தான் அவர்கள் சம்பளம் போடுவார்கள். மேனேஜருக்கு எழுதி, அந்தத் தேதிகளின் பஞ்ச் பதிவை ஒப்பிடக் கேளுங்கள். பஞ்ச் மெஷின் இல்லாத கடை என்றால் கஷ்டம்தான், அன்று நீங்கள் போட்ட கடைசி பில்லின் நேரம் ஏதாவது உதவலாம். அதை அவர்கள் ஏற்பார்களா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இனிமேல் டைம்ஷீட்டை ஒப்படைக்கும் முன்னால் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி மார்த்தாண்டம்: அக்கா, லெட்டர் கொடுத்தேன், ஒத்துக்கிட்டாங்க! ஆனா 432க்கு 376 தான் ஏறியிருக்கு. மறுபடி எழுதணுமா?

வேண்டாம். அரியரும் சம்பளம்தான், அதிலும் பிடித்தம் உண்டு. பி.எஃப். 12 சதவீதம் 52 ரூபாய், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் ரூபாய்க்கு ஏற்றி 4. சம்பளச் சீட்டில் அரியர் வரியில் 432 முழுசாக இருக்கிறதா என்று மட்டும் பார். அப்புறம் ஜூலை தினக்கணக்கையும் கேட்டு வாங்கு. 8:45க்கு இறங்கிய நாட்களில் 6.75 இருக்க வேண்டும். அங்கே மறுபடி 6.45 இருந்தால் ஜூனை மட்டும் கையால் திருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது மே, ஏப்ரல் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு வா.