சிக்னல் முழுசா இருந்தும் நெட் நின்று நின்று வருவது ஏன்?

கேள்வி: எங்க ஹோட்டல்ல கெஸ்ட் வைஃபை சிக்னல் ஃபுல்லா காட்டுது, ஆனா திடீர்னு நெட் மட்டும் நின்னுடுது. வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துடுது. லைன் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்க. வேற எங்க பார்க்கணும்?

பதில்:

நான் காரைக்குடியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்தில் ஹோட்டல்களுக்கு நெட்வொர்க் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்லும் இதே குறை கானாடுகாத்தான் பக்கம், பழைய செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலாக மாற்றிய ஓர் இடத்தில் என்னை மூன்று நாள் அலையவிட்டது. அங்கே நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பதினான்கு அறைகள். முகப்பில் ரிசப்ஷன், பட்டாலையைத் தாண்டி வளவு, வளவைச் சுற்றி அறைகள், பின்னால் இரண்டாம் கட்டில் ஆபீஸும் சாமான் அறையும், அதற்கும் பின்னால் அடுப்படி. சுவர்கள் இரண்டடி கனம். இப்படிப்பட்ட வீட்டில் வைஃபை போகிறது என்றால் எல்லோரும் முதலில் சுவரைத்தான் குறை சொல்வார்கள். நானும் அதைத்தான் செய்தேன். முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் ஒவ்வோர் அறையிலும் அளந்தேன். மைனஸ் 55 டிபிஎம்மை ஒட்டி எங்கும் நல்ல சிக்னல். நெட்டும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் இரண்டின் சேனலை மாற்றிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு மேனேஜர் அண்ணன் போன் செய்தார். “தம்பி, மூணு ரூம்ல இருந்து கூப்பிட்டுட்டாங்க.” இந்தத் தடவை பகலிலேயே போனேன். வளவில் தூணோரம் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்த பத்தாவது நிமிடம் எனக்கும் நெட் நின்றது. உடனே, வெளி இணையத்துக்கு வழிவிடும் பெட்டியான கேட்வேயின் முகவரிக்கும் வெளியே உள்ள ஒரு முகவரிக்கும், பதில் வருகிறதா என்று பார்க்க பிங் போட்டேன்.

```
ping 192.168.0.1
ping 8.8.8.8
```

முதலாவதற்கு இரண்டு மில்லிசெகண்டில் பதில் வந்தது. இரண்டாவதற்குப் பதிலே இல்லை. கேட்வே வரை போகிறது, அதற்கு அப்பால் போகவில்லை. அப்படியானால் வெளி லைன்தான் கோளாறு. எல்லோரும் படித்த பாடம் இதுதான். நானும் இணைய கம்பெனிக்குப் போன் போட்டேன். அவர்கள் லைனில் எந்தத் தடையும் இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை.

அது உண்மை என்று எனக்குப் புரியவைத்தது ரிசப்ஷன் கம்ப்யூட்டர். என் லேப்டாப்பில் நெட் செத்துக்கிடக்கும் அதே நிமிடத்தில் அங்கே முன்பதிவுப் பக்கம் தங்கு தடையில்லாமல் திறந்தது. ஒரே லைன், ஒரே கேட்வே, ஒன்றுக்கு வருகிறது, பக்கத்தில் இருப்பதற்கு வரவில்லை. லைன் போயிருந்தால் இரண்டுக்கும் சேர்ந்துதான் போக வேண்டும். அப்போதுதான் நான் “கேட்வே” என்று பிங் போட்டது எந்தப் பெட்டிக்கு என்ற சந்தேகம் வந்தது. எந்த ஐபி எண்ணுக்கு எந்த மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய தனி எண், என்று காட்டும் `arp -a`-வை இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தேன். (மேக் முகவரிகளை இங்கே மாற்றி எழுதியிருக்கிறேன்.)

```
ரிசப்ஷன்:    192.168.0.1   00-00-5e-00-53-10   dynamic
லேப்டாப்:    192.168.0.1   00-00-5e-00-53-a7   dynamic
```

ஐபி முகவரி ஒன்று, மேக் முகவரி இரண்டு. அந்த வீட்டுக்குள் 192.168.0.1 என்ற பெயரில் இரண்டு பெட்டிகள் இருந்தன.

இது ஏன் இப்படி நின்று நின்று வரும் கோளாறாகத் தெரிகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். போன் ஒவ்வொன்றும் வைஃபையில் சேர்ந்ததும் “192.168.0.1 யார்?” என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். அதற்குப் பதில் சொல்பவரின் மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு, வெளியே போக வேண்டிய எல்லாவற்றையும் அவரிடம் கொடுக்கும். இதுதான் ஏஆர்பி. 1982-ல் எழுதப்பட்ட இந்த முறையில் பதில் சொன்னவர் உண்மையானவரா என்று சரிபார்க்க வழியே கிடையாது. கல்யாண வீட்டு வளவில் நின்று “மெய்யப்பா” என்று கூப்பிட்டால் இரண்டு பேர் “என்ன?” என்று திரும்புவார்கள் அல்லவா, அதேதான். சில கருவிகள் முதலில் வந்த பதிலைப் பிடித்துக்கொள்ளும், சில கடைசியாக வந்ததைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஓர் அறையில் கணவர் போனில் வரும், மனைவி போனில் வராது.

தவறான பெட்டியைப் பிடித்த போன் ஏன் தானாகத் திருந்தவில்லை என்பது அடுத்தது. குறித்துவைத்த முகவரி பழசானதும் பல கருவிகள் எல்லோரையும் மறுபடி கேட்பதில்லை. “நீ இன்னும் இருக்கிறாயா?” என்று முன்பு பதில் சொன்ன அதே பெட்டியை மட்டும் கேட்கும். அது உயிரோடுதான் இருக்கிறது, “இருக்கிறேன்” என்று சொல்லும். ஆக, போன் அங்கேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். வைஃபையை ஆஃப் செய்து ஆன் செய்தால் அந்தக் குறிப்பு அழிந்து கேள்வி புதிதாகப் போகும், இந்தத் தடவை சரியான பெட்டி ஜெயிக்கலாம். உங்கள் கேள்வியில் “ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துடுது” என்ற வரியைப் படித்ததும் நான் இதை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

என் பிங்குக்குப் பதில் சொன்னதும் அந்த இரண்டாவது பெட்டிதான். அதற்கு இணைய லைன் கிடையாது, ஆனால் பிங்குக்கு நன்றாகவே பதில் சொல்லும். கேட்வேக்கு பிங் கிடைத்தால் உள் நெட்வொர்க் சரி என்ற முடிவு இங்கே நம்மை நேர் எதிர்த் திசைக்குக் கொண்டுபோய்விடும்.

சரி, பெட்டி எங்கே? மேனேஜர் அண்ணன் புகார்களை ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதிவைத்திருந்தார். அதை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் நடுவில். ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றுகூட இல்லை. நான் முதல் நாள் ஏழு மணிக்குப் போய் ஒன்றும் காணாமல் திரும்பியது அதனால்தான். யாரோ வேலைக்கு வந்து ஆன் செய்து, போகும்போது ஆஃப் செய்யும் பெட்டி அது.

லைனக்ஸ் லேப்டாப் இருந்தால் இரண்டு பேர் பதில் சொல்வதை நேரிலேயே பார்க்கலாம். இது iputils-ன் arping, `wlan0` என்ற இடத்தில் உங்கள் வைஃபை இன்டர்ஃபேஸின் பெயரைப் போடுங்கள். `-b` முக்கியம், அது இல்லாவிட்டால் முதல் பதில் வந்ததும் அந்தப் பெட்டியை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும்.

```
sudo arping -b -c 5 -I wlan0 192.168.0.1
```

ஆனால் கமாண்ட் எதுவும் தெரியாதவரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, நான் அன்று நம்பியது அதைத்தான். மூன்றாம் நாள் விருந்தாளிகள் பிள்ளையார்பட்டிக்கும் ஆத்தங்குடி கல் பட்டறைக்கும் கிளம்பிப் போன பிறகு, மேனேஜர் அண்ணனிடம் சொல்லிவிட்டு உண்மையான கேட்வேயின் உள்பக்க கேபிளைப் பிடுங்கினேன். 192.168.0.1 இப்போது செத்திருக்க வேண்டும். லேப்டாப்பில் வைஃபையை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்து, முகவரி கொடுக்கும் கேட்வே இணைப்பில் இல்லாததால் அதைக் கையால் கொடுத்து, பிங்கை ஓடவிட்டேன். பதில் வந்துகொண்டே இருந்தது.

எல்லா கேபிளும் வந்து சேரும் பெட்டியாக அங்கே இருந்தது சாதாரண ஸ்விட்ச். மேனேஜ்டு ஸ்விட்சாக இருந்தால் மேக் பட்டியலில் தேடி எந்த போர்ட் என்று நொடியில் பார்த்துவிடலாம். இல்லாததால், பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படி அடியில் இருந்த கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஐந்து விநாடி பார்த்து, திரும்பச் சொருகினேன். நான் சேர்ந்திருந்த ஆக்சஸ் பாயின்ட்டின் கேபிளை மட்டும் தொடவில்லை, அதைப் பிடுங்கினால் எப்படியும் பிங் நின்றுவிடும். பதினொன்றாவது கேபிளில் பிங் நின்றது. அது இரண்டாம் கட்டு ஆபீசுக்குப் போகும் கேபிள்.

ஆபீசில் கணக்குப் பார்க்கும் அக்காவிடம், “அக்கா, இங்க ரூட்டர் மாதிரி ஏதும் வச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன். பீரோ மேல் இருந்து எடுத்துக் காட்டினார். “என் போன்ல சிக்னல் வரலைன்னு எங்க அக்கா மகன் வீட்ல சும்மா கிடந்ததைக் கொண்டாந்து மாட்டுனான் தம்பி. அதால ஏதும் ஆயிடுச்சா?”

அந்தப் பையன் பாதிக்கு மேல் சரியாகவே செய்திருந்தான். முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை ஆஃப் செய்து, கேபிளை லேன் போர்ட்டில் சொருகி, அதை வெறும் ஆக்சஸ் பாயின்ட்டாக ஆக்கியிருந்தான். டிஹெச்சிபி ஓடியிருந்தால் போன்களுக்கு வேறு மாதிரி முகவரிகள் போய் நான் முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பேன். அவன் மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்று: பெட்டி தொழிற்சாலையில் இருந்து வரும்போதே உள்ள 192.168.0.1. ஹோட்டல் கேட்வேயை நிறுவியவரும் அதே எண்ணை மாற்றாமல் விட்டிருந்தார். ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும் முன் “இது யாரிடமாவது இருக்கிறதா?” என்று கேட்டுப் பார்க்கும் முறை 2008-லேயே ஆர்எஃப்சி 5227 என்ற இணைய விதிமுறை ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸ் அப்படிக் கேட்டு எச்சரிக்கை காட்டும். பல சின்ன ரூட்டர்கள் லேன் பக்கத்தில் கேட்பதே இல்லை, அதனால் யாருக்கும் எச்சரிக்கை வரவில்லை.

அக்காவின் ரூட்டரைப் பிடுங்கவில்லை, அவருக்கு அது தேவை. அதன் முகவரியை 192.168.0.5 என்று மாற்றினேன். கேட்வே போன்களுக்குக் கொடுப்பது 50-க்கு மேல்தான், ஆகவே மோதாது. அன்று மதியத்துக்கு மேல் நோட்டில் புதிய புகார் ஏறவில்லை.

ஆனால் நாளைக்கு ஒரு விருந்தாளியே சின்ன ரூட்டரைக் கொண்டுவந்து அறைச் சுவரில் உள்ள சாக்கெட்டில் சொருகலாம். அதனால் இரண்டு வாரம் கழித்து, அறைகள் காலியாக இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஹோட்டல் கேட்வேயை 10.37.0.1 என்று மாற்றினேன். வீட்டு ரூட்டர்கள் வழக்கமாக 192.168-ல் தொடங்கும் எண்ணோடுதான் வருகின்றன, இதில் வந்து விழ வாய்ப்பு மிகக் குறைவு. ஆபீஸையும் விருந்தாளிகளையும் விலேன் போட்டுத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பதுதான் முழுத் தீர்வு, அதற்கு மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்க வேண்டும். ஆக்சஸ் பாயின்ட்டில் கிளையன்ட் ஐசொலேஷன் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். அது வைஃபையில் இருப்பவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்கும், கேபிளில் வந்து சேரும் பெட்டியை இங்கே தடுத்திருக்காது.

நீங்களும் கேட்வே எண்ணை மாற்றுவதாக இருந்தால், முந்தைய நாளே, கொடுத்த முகவரி செல்லுபடியாகும் டிஹெச்சிபி லீஸ் நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள். கையால் முகவரி போட்ட கருவிகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். நான் பிரின்டரை நினைவு வைத்திருந்தேன், சிசிடிவி ரெக்கார்டரை விட்டுவிட்டேன். அன்று ராத்திரி சென்னையிலிருந்து முதலாளி, வாசல் கேமரா போனில் தெரியவில்லை என்று கூப்பிட்ட பிறகுதான் போய் அதன் எண்களையும் மாற்றினேன்.