பாதியில் நின்ற கடிதம்: ஒரு கதையின் முடிவு பற்றி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் பழைய புத்தகக் கடையில் ஒரு நாவல் வாங்குகிறார். அதன் 113, 114-ஆம் பக்கங்களுக்கு நடுவே ஒரு சிறுவனின் கடிதம் இருக்கிறது. 1972 ஜனவரி, திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். பம்பாய் 400017, தாராவியில் இருக்கும் அப்பாவுக்கு எழுதியது. கடிதம் இதுதான்:

"அன்புள்ள அப்பாவுக்கு, நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல். தாங்கள் அனுப்பிய மணியார்டர் கிடைத்தது. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நாற்பத்திரண்டு மதிப்பெண் பெற்றேன். விடைத்தாளில் கையெழுத்து வாங்கிவர வேண்டும். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொன்னேன். அதற்கு வாத்தியார்"

கடைசி எழுத்துகள் கண்ணீரில் கலைந்திருக்கின்றன. அப்பா ரயில் விபத்தில் இறந்த செய்தி அந்த நேரத்தில் வந்திருக்கும் என்று அந்தக் கணக்கு ஆசிரியர் கற்பனை செய்வதோடு கதை முடிகிறது. படித்த நண்பர்கள் எல்லோரும் முடிவு ஒட்டவில்லை என்கிறார்கள். எங்கே தவறு?

கே.

அன்புள்ள கே.,

கடிதம் "வாத்தியார்" என்ற சொல்லில் நிற்கிறது. அதைக் கையில் வைத்திருப்பவரும் ஒரு வாத்தியார். இதற்கு மேல் ஒரு கதைக்கு என்ன வேண்டும்? நீங்களோ அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்குப் போய்விட்டீர்கள். நண்பர்களுக்கு ஒட்டாமல் போனது அதனால்தான். விபத்துக்கான தடயம் அந்தத் தாளில் எங்குமே இல்லை. கண்டெடுத்தவர் எதைக் கற்பனை செய்தாலும் அது அந்தத் தாளிலிருந்தே வர வேண்டும். ஆகவே முதலில் தாளைச் சரிசெய்வோம்.

113-ஆம் பக்கமும் 114-ஆம் பக்கமும் ஒரே தாளின் இரண்டு புறங்கள். அவற்றுக்கு நடுவே எதையும் வைக்க முடியாது. புத்தகத்தை விரித்தால் இடப்பக்கம் இரட்டைப்படை எண்ணும் வலப்பக்கம் ஒற்றைப்படை எண்ணும் இருக்கும். எனவே 112, 113 என்று மாற்றுங்கள். பின்கோடும் கூடாது. ஆறு இலக்க எண் 1972 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. அதற்கு முன் தாராவிக்கு எழுதுகிறவர் பம்பாய்-17 என்று எழுதியிருப்பார். கணக்கு வாத்தியாரின் கண் எண்ணில்தான் முதலில் விழும் என்பதால் இந்தப் பிழைகள் உங்கள் கதையில் கூடுதலாகவே உறுத்துகின்றன.

காலத்தைக் காட்டத் தேதி தேவையே இல்லை. வங்கதேச அகதிகளுக்காக 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் இறுதி வரை கடிதங்களுக்கு ஐந்து பைசா கூடுதல் வரி இருந்தது. தொடக்கத்தில் அந்த ஐந்து பைசா ஸ்டாம்பு, புழக்கத்திலிருந்த குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்பின் மேல் 'அகதிகள் நிவாரணம்' என்று அச்சிட்டதாகவே வந்தது. "அஞ்சு பைசா ஸ்டாம்பு வேற ஒட்டனும்னு அக்கா சொன்னா" என்று பையன் ஒரு வரி எழுதட்டும். வயதான வாத்தியாருக்கு வருடம் பிடிபட்டுவிடும், இளைய வாசகருக்கும் கதை தடைபடாது. அக்கா என்று ஒருத்தியும் உள்ளே வந்துவிடுகிறாள். அவள் பின்னால் தேவைப்படுவாள்.

கண்ணீரை எடுத்துவிடுங்கள். ஊற்றுப்பேனாவின் நீல மையில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் நடுவில் வெளிறி, விளிம்பில் மை கூடி வளையமாகக் காயும். அந்த வளையம் மழைத்துளியா தண்ணீர்ச் சொம்பா கண்ணீரா என்று ஐம்பது வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. கண்ணீர் என்று முடிவுகட்டும் கதைசொல்லியை வாசகர் நம்ப மாட்டார்.

நம்பக்கூடிய தடயம் ராமபாணப் பூச்சியின் துளை. 112-ஆம் பக்கத்தில் ஒரு துளை, கடிதத்தில் அதே இடத்தில் ஒரு துளை, 113-இலும் அதன் நேரே ஒன்று. அப்படி இருந்தால் பூச்சி குடைந்த காலத்திலேயே கடிதம் அந்த இடத்தில் இருந்தது என்று பொருள். துளை புத்தகத்தில் மட்டும் இருந்து கடிதத்தில் இல்லையென்றால் பிற்பாடுதான் யாரோ செருகியிருக்கிறார்கள். மட்டத் தாள் பல வருடம் ஒரே இடத்தில் கிடந்தால் எதிர்ப்பக்கத்தில் தன் அளவுக்குப் பழுப்பு நிறக் கட்டம் ஒன்றையும் பதித்துவிடும். இரண்டில் ஒன்று போதும்.

இனி பெரிய கேள்வி. இந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை என்று ஏன் நினைக்கிறீர்கள்? முடியாத கடிதம் என்றால் அனுப்பாத கடிதம் என்று கதை எழுதுகிற எல்லோருமே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்து வீட்டில் அப்படி இல்லை. இன்லேண்ட் லெட்டர் காசு கொடுத்து வாங்குவது. ஒன்பது வயதுப் பையனை அதில் நேராக எழுத யாரும் விடமாட்டார்கள். நோட்டுத் தாளில் முதலில் எழுதச் சொல்வார்கள். பெரியவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். வீட்டுச் சேதி எல்லாம் எழுதிய பிறகு மடிப்பில் மிஞ்சுகிற இடத்தில் நான்கு வரி அவனுக்குக் கிடைக்கும். உங்கள் கதையில் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அப்படியானால் இன்லேண்டை எழுதியவள் அக்கா. பையனின் தாள் வெறும் வரைவு. கடிதம் பம்பாய்க்குப் போயிருக்கும். மணியார்டர் கிடைத்ததும் நாற்பத்திரண்டு மார்க்கும் போயிருக்கும். "அதற்கு வாத்தியார்" என்பது மட்டும் போகவில்லை. இப்படிப் பார்த்தால் கதையில் தொலைந்தது ஒரு கடிதமல்ல, ஒரு வாக்கியம். அது உங்கள் ரயில் விபத்தைவிடக் கனமானது.

இன்னொரு சந்தேகத்தையும் வாத்தியார் தீர்த்துக்கொண்டாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்துக்காகக் கடிதம் எழுதச் சொல்வார்கள். கட்டுரை நோட்டிலிருந்து கிழிந்த பக்கமாக இருந்தால்? பயிற்சிக் கடிதத்தின் அடியில் கட்டம் போட்டு உறைமேல் முகவரி எழுதியிருக்கும். அதில் வரும் அப்பா சுற்றுலாவுக்குப் பணம் அனுப்புகிறவராகவே இருப்பார். தன் அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது என்று எந்தப் பையனும் வாத்தியார் திருத்தப்போகும் நோட்டில் எழுதமாட்டான். இந்த ஒரு வரியை வைத்தே இது நிஜக் கடிதம் என்று அவர் தெளியலாம். ஒரு பத்திக்கு மேல் இதற்குச் செலவிட வேண்டாம்.

மொழிக்கு வருகிறேன். உங்கள் பையன் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை ஒற்றுப் பிழைகூட இல்லாமல் எழுதுகிறான். அந்த வயதுப் பிள்ளையின் கடிதத்தில் இரண்டு தமிழ் இருக்கும். "நலம், நலமறிய ஆவல்" வரை சொல்லிக்கொடுத்த பாடம், பிழையே இருக்காது. சொந்தச் சேதி தொடங்கும் இடத்தில் எழுத்து பேச்சுக்கு இறங்கிவிடும். எல்லாச் சொல்லையும் பிழையாக்கிவிடவும் கூடாது. "கணக்கு" என்பதை அவன் தினமும் கரும்பலகையில் பார்க்கிறான், சரியாகவே எழுதுவான். "பரீட்சை"தான் தடுக்கும். எனக்கு இப்படிக் கேட்கிறது:

"தாங்கள் அனுப்பிய மணியார்டர் கிடைத்தது. பரிச்சை தாள் குடுத்தாங்க. கணக்கில் நாப்பத்தி ரெண்டு. வீட்ல கையெழுத்து வாங்கிட்டு வரனும். அம்மாவுக்கு கையெழுத்து தெரியாதுனு சொன்னேன் அதுக்கு வாத்தியார்"

"கிடைத்தது" என்பதற்கும் "பரிச்சை" என்பதற்கும் நடுவில் பாடம் முடிந்து பையன் தொடங்குகிறான். வாத்தியார் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கட்டும். வேறு யாரைவிடவும் அவர்தானே இப்படிப்பட்ட கையெழுத்தை ஆயிரக்கணக்கில் பார்த்தவர்.

இனி முடிவு. பாதியில் நின்ற வாக்கியத்தை அவர் மூன்று தடவை எழுதிப் பார்க்கட்டும். ஒவ்வொன்றும் தாளோடு மோதட்டும். முதலில் அவர் எழுதக்கூடியது, "அதுக்கு வாத்தியார் பரவால்லனு விட்டுட்டார்." தன் இனத்தைக் காப்பாற்றும் வாக்கியம் அது. ஆனால் பரவாயில்லை என்று விட்டிருந்தால் பையன் அதை பம்பாய் வரைக்கும் எழுத நினைத்திருக்க மாட்டான். அந்த வரியை அடித்துவிடுகிறார். அடுத்து, "அதுக்கு வாத்தியார் அடிச்சார்." 1972-இல் வாத்தியார் அடிப்பது ஒரு சேதியே அல்ல. மார்க் குறைந்தால் அடி, பேசினால் அடி. அதை அப்பாவிடம் சொன்னால் அங்கேயும் திட்டு விழும். இதுவும் நிற்காது. மிஞ்சுவது, வாத்தியார் ஏதோ சொன்னார் என்பது. அதுவும் அம்மாவைப் பற்றி, வகுப்புக்கு முன்னால்.

அப்போது அவர் எழுதுவார்: "அதுக்கு வாத்தியார் அப்ப கைநாட்டு வச்சிட்டு வாடான்னார். எல்லாரும் சிரிச்சாங்க." இந்த வாக்கியத்தை யோசித்து எழுதத் தேவையில்லை. மேசைக்குப் பின்னால் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டவர் அவர். இதே சொற்களை அவரே எத்தனை பையன்களிடம் சொல்லியிருப்பார் என்று கதை எங்கும் சொல்லக்கூடாது. பேனா தயங்காமல் ஓடியது என்று மட்டும் சொன்னால் போதும்.

இந்த இடத்தில் இரண்டு சபலங்கள் வரும். அந்த வாத்தியார் இவரேதான், பையன் இவருடைய மாணவன் என்று திருப்பம் வைப்பது ஒன்று. வைத்தீர்களென்றால் கதை தற்செயலாகச் சுருங்கிவிடும், வாசகர் வியந்துவிட்டுப் போய்விடுவார். இவர் அப்படிப்பட்டவர்களில் ஒருவராக இருந்தால் போதும். மற்றது, தாளின் பின்புறத்தில் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகையை வைப்பது. கை அரிக்கும், வைக்காதீர்கள். தடயங்கள் கடிதத்தை நிஜமாக்கத்தான். முடிவை நிரூபித்துவிட்டால் கற்பனைக்கு அங்கே வேலை இல்லை.

சிரிப்போடு நிறுத்தினால் அது வாத்தியாரின் வாக்கியமாகவே இருக்கும். பையனுக்கு ஒரு வரி பாக்கி. அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் ஏதாவது ஒன்றைக் கேட்பதுதான் வழக்கம். ஆனால் தாளை மறுநாளே திருப்பிக் கொடுக்க வேண்டும், பம்பாயிலிருந்து கையெழுத்து வரப்போவதில்லை. ஆகவே கேட்பதற்கு ஒன்றுமில்லை, சொல்வதற்குத்தான் இருக்கிறது: "அம்மாட்ட சொல்லலை." அக்கா இதைப் படித்திருந்தால் இன்லேண்டில் ஏற்றியிருப்பாளா என்பதை வாசகரிடம் விட்டுவிடலாம்.

அந்தக் கடைசி "லை"யை மட்டும் கவனியுங்கள். 1978-இல் அரசாணை வரும்வரை ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை போட்டு எழுதப்பட்டவை. 1972-இல் பையன் அப்படித்தான் எழுதியிருப்பான். வாத்தியாரும் அப்படி எழுதிப் பழகியவர். பின்னால் புது எழுத்துக்கு மாறியிருந்தாலும், பையனுக்காக எழுதும் இந்த வரியில் துதிக்கை திரும்பி வரலாம். கணினியின் வழக்கமான எழுத்துருக்களில் அந்த வடிவம் வராது என்பதால் படம் எதுவும் ஒட்ட வேண்டாம். "துதிக்கை போட்ட லை" என்று மூன்று சொல் போதும். அதையும் அவர் கவனித்ததாக எழுதாதீர்கள், கை எழுதியதாக எழுதுங்கள்.