புயல் வந்த மார்கழியும் திருவாதிரையும்: தொலைந்த ஜாதகத்தை மறுபடி எழுதுவது எப்படி?

*அம்மாவின் ஜாதகம் தொலைந்துவிட்டது. திருவாதிரை நட்சத்திரம். தனுஷ்கோடி புயலுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி, ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் பிறந்தாள் என்று பாட்டி சொல்வாள். பள்ளிச் சான்றிதழில் 1.6.1963 என்று இருக்கிறது. எதை வைத்து எழுதுவது?*

சான்றிதழை ஒதுக்கிவிடுங்கள். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வயது காட்டுவதற்காக ஜூன் மாதத் தேதி ஒன்றைப் போட்டுவிடுவது வழக்கம். பாட்டியின் பேச்சில்தான் சரக்கு இருக்கிறது.

புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, அதாவது குரோதி வருடம் மார்கழி. நட்சத்திரம் ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால், தமிழ் வருடமும் மாதமும் தெரிந்தால் தேதி ஒன்றில் வந்து நின்றுவிடும். மாதத்தின் முதல் சில நாட்களில் வரும் நட்சத்திரம் மட்டும் மாதக் கடைசியில் மறுபடியும் வரலாம். அந்த மார்கழியில் திருவாதிரை டிசம்பர் 19 பிற்பகலில் தொடங்கி 20ஆம் தேதி பகல்வரை இருந்தது. 20 ஞாயிற்றுக்கிழமை. வருடத்தில் சந்தேகம் வந்தால் கிழமையே சாட்சி: 1963 மார்கழியில் திருவாதிரை டிசம்பர் 30, திங்கட்கிழமை.

தேதி நின்றதும் ராசி மிதுனம், மற்றக் கிரகங்களும் பஞ்சாங்கத்திலிருந்து வந்துவிடும். மிச்சம் லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதித்துக்கொண்டிருந்த ராசி. சூரிய உதய நேரத்தில் சூரியன் இருக்கும் ராசியே லக்னமாக இருக்கும். மார்கழியில் அது தனுசு. மார்கழி பிறந்து சில நாட்களே ஆகியிருந்ததால், உதயத்துக்குச் சுமார் இருபது நிமிடம் முன்பே தனுசு லக்னம் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அதுவே. எனவே பாட்டியிடம் கேட்க வேண்டியது மணி அல்ல. வெளிச்சம் வந்திருந்ததா, இருட்டா? இருட்டு என்றால் விருச்சிகமாகவும் இருக்கலாம்.

வீட்டில் பழைய நோட்டு, உடன்பிறந்தோர் ஜாதகக் கட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். 'கர்ப்பச்செல் நீக்கி ராகு தசை இருப்பு' என்று ஒரு வரி கிடைத்தால் அதுவே கடிகாரம். திருவாதிரையில் பிறந்தவருக்கு முதலில் நடப்பது ராகு தசை, மொத்தம் 18 வருடம். பிறக்கும்போது நட்சத்திரத்தில் எவ்வளவு பங்கு மிச்சமோ, தசையிலும் அவ்வளவு பங்குதான் இருப்பு. நட்சத்திரம் 24 மணி நேரம் என்று வைத்தால் ஒரு மணிக்கு ஒன்பது மாதம். இருப்பு 4 வருடம் 6 மாதம் என்றிருந்தால் நட்சத்திரம் முடிய ஆறு மணி நேரம் இருக்கையில் பிறப்பு. முடியும் நேரத்தை, குடும்பத்தில் எந்தப் பஞ்சாங்கம் பார்த்தார்களோ அதில்தான் எடுக்க வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கப்படி எழுதிய இருப்பைத் திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் போட்டுப் பார்த்தால் பிறந்த நேரமே நகர்ந்துவிடும்.

அந்த வரி கிடைக்காவிட்டால் ராசிக் கட்டத்தோடு நிறுத்துங்கள். ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்சத்தில் லக்னம் பதின்மூன்று, பதினான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். 'விடிஞ்சதும்' என்ற சொல் அவ்வளவு துல்லியம் தாங்காது. கல்யாண தேதி, பிள்ளை பிறந்த தேதியைக் கொண்டு அதைத் துல்லியமாக்குகிறேன் என்று யாராவது நிமிடக் கணக்கில் எழுதித் தந்தால் நம்ப வேண்டாம். புதிய ஜாதகத்தில் 'லக்னம் உத்தேசம்' என்று எழுதச் சொல்லுங்கள்.